வாடகை மிச்சமா, பயண நேரமா? சிங்கப்பூரில் வீடு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு வீடு பார்க்க உதவும்போதெல்லாம் என் காதில் விழும் கேள்விகள் இவை. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதிவைப்பது நல்லது என்று தொகுத்தேன்.

குழப்பம் வராமலிருக்க, பதில்களில் ஒரே குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கணவருக்குத் தஞ்சோங் பகாரில் அலுவலகம், மாதச் சம்பளம் 6,500 வெள்ளி. மனைவி, பள்ளி செல்லாத ஒரு குழந்தை. அவர்கள் முன் இரண்டு மூவறை வீவக வீடுகள், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள், இருக்கின்றன. ஃபேரர் பார்க்கில் உள்ளதற்கு வாடகை 3,100, உட்லண்ட்ஸில் உள்ளதற்கு 2,600. இரண்டும் ஒரே அளவு, ஒரே தரம். வாடகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மாதம் 500 வெள்ளி குறைகிறது, ரயிலுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை வெள்ளிதான் கூடுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெள்ளியை வெள்ளியோடு மட்டும் ஒப்பிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த ஊரில் எம்ஆர்டி கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்றாலும், மிக நீண்ட பயணத்துக்கும் இரண்டரை வெள்ளிச் சொச்சத்தில் நின்றுவிடுகிறது. அதனால் டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பவருக்குத் தொலைவான வீடே எப்போதும் லாபமாகத் தெரியும்.

தொலைவின் விலையில் பெரும்பகுதியை நாம் நேரமாகக் கொடுக்கிறோம். வாடகை மாதக் கணக்கில் வருகிறது, கட்டணம் பயணக் கணக்கில் வருகிறது, நேரம் நிமிடக் கணக்கில் போகிறது. மூன்றையும் ஓராண்டுக்கு விரித்து ஒரே தாளில் எழுதினால்தான் எது எதைத் தின்கிறது என்று தெரியும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ போடப்படுவதால் ஆண்டுக் கணக்கு இயல்பாகவும் பொருந்துகிறது.

ஆண்டுக்கு எத்தனை நாள் என்று போடுவது? 365-ஆ, 300-ஆ?

இரண்டும் இல்லை. 365-இல் சனி, ஞாயிறு 104 நாள் போனால் 261. பொது விடுமுறை 11 போனால் 250. ஆண்டு விடுப்பு 14 நாள் என்று வைத்தால் 236. ஊருக்குப் போவது, காய்ச்சலில் படுப்பது ஆகியவற்றுக்கும் கொஞ்சம் கழித்து 230 என்று எடுத்துக்கொள்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் 280-ஐ ஒட்டி வரும்.

பயண நேரத்துக்குக் கைப்பேசிச் செயலி காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்திடுவதற்கு அது போதாது. வீடு பார்க்கப் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்போது செயலியைத் திறந்தால் காலை எட்டு மணிக் கூட்டத்தில் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவது அதில் தெரியாது. மின்தூக்கிக்குக் காத்திருப்பதும், ஆழமான நிலையங்களில் மூன்று மின்படிகள் இறங்குவதும் அதில் சரியாக ஏறுவதில்லை. விளம்பரத்தில் ‘எம்ஆர்டிக்கு ஐந்தே நிமிடம்’ என்று இருந்தால் அது நடையா, பஸ்ஸா என்று கேளுங்கள். பஸ் என்றால் அந்த ஐந்து நிமிடத்தோடு நிறுத்தத்தில் நிற்கும் நேரமும் சேரும்.

சரியான வழி ஒன்றுதான். ஒரு வேலைநாள் காலையில், நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்தில், அந்த புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து அலுவலக மேசை வரை போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். உட்லண்ட்ஸ் வீட்டுக்கு இப்படி வருகிறது: நிலையத்துக்கு நடை 10 நிமிடம், நடைமேடைக்கு இறங்கிக் காத்திருக்க 6, தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஷென்டன் வே வரை 43, அங்கிருந்து ஏறி அலுவலகம் போக 9. மொத்தம் 68 நிமிடம். ஃபேரர் பார்க்கிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வந்து, மாறி, ஒரே நிறுத்தம் போனால் நடையெல்லாம் சேர்த்து 33. ஆக ஒரு வழிக்கு 35 நிமிடம் கூடுதல்.

போகும்போது மேலே கூரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் பள்ளி, புளோக் போன்ற இடங்களுக்குக் கூரையிட்ட நடைபாதை போடும் திட்டம் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உண்டு. வீடு அதற்கு அப்பால் இருந்தால், டிசம்பர் மழையில் பத்து நிமிட நடை என்னவாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டணத்தைக் குறைக்க மாதப் பாஸ் வாங்கிவிட்டால் தொலைவு ஒரு பொருட்டே இல்லையே?

பாஸ் வாங்குமுன் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். பெரியவர்களுக்கான மாதப் பாஸ் 120 வெள்ளிக்கு மேல். உட்லண்ட்ஸிலிருந்து நகருக்கு ஒரு வழிக் கட்டணம் 2 வெள்ளி 30 காசை ஒட்டியிருக்கிறது. மாதம் 19 வேலைநாள் என்றால் 87 வெள்ளி. வார இறுதியில் நகருக்கு வந்து போவதைச் சேர்த்தாலும் நூற்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. தினமும் மூன்று, நான்கு முறை தனித்தனியாகப் பயணம் செய்பவருக்கே பாஸ் பயன்படும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறுவதால் பயணம் இரண்டாகிவிடாது. இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடத்துக்குள் மாறினால் மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம்தான்.

வேறொரு சலுகை உண்டு. வேலைநாளில் காலை 7.45-க்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் 50 காசு வரை குறையும். ஆண்டு முழுவதும் அப்படிப் போனால் 115 வெள்ளி மிச்சம். நான் அதைக் காசுக்காகச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் ரயிலில் மூச்சு விட இடமிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். கட்டணங்களைப் பொதுப் போக்குவரத்து மன்றம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்கிறது. ஆகவே என் எண்களை நம்பி இருக்காமல் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில் எவ்வளவுதான் மிஞ்சும்?

வாடகை மிச்சம் மாதம் 500, ஆண்டுக்கு 6,000. இதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிப்போம். வேலைக்குப் போகும் ரயில் கட்டணம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 80 காசு கூடுகிறது, நாளுக்கு 1.60, 230 நாளுக்கு 368 வெள்ளி.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஃபேரர் பார்க்கில் இருந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு நடந்தே போய் மீன், முருங்கைக்கீரை, வாழையிலை எல்லாம் வாங்கி வந்துவிடலாம். உட்லண்ட்ஸிலிருந்து கணவனும் மனைவியும் வந்து போக வாரம் 8 வெள்ளி. ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 400. உட்லண்ட்ஸிலேயே எல்லாம் கிடைக்குமே என்பீர்கள்; கிடைக்கும். ஆனால் முதல் ஆண்டில் யாரும் தேக்காவை விடுவதில்லை.

மூன்றாவது செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். அலுவலக விருந்து, நேரம் கடந்த வேலை, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத இரவு என்று மாதம் இருமுறையாவது டாக்சி பிடிக்க நேரும். நகரிலிருந்து உட்லண்ட்ஸுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் டாக்சிக் கட்டண வித்தியாசம் 18 வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 432. மூன்றையும் கூட்டினால் 1,200. ஆக 6,000-இல் கையில் நிற்பது 4,800.

கூடுதல் நேரம், நாளுக்கு 70 நிமிடம். 230 நாளுக்கு 268 மணி. 4,800-ஐ 268-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 18 வெள்ளி. ரயிலில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் உட்லண்ட்ஸ் வீடு உங்களுக்குக் கொடுக்கும் கூலி அது. இந்த ஓர் எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும்.

மணிக்கு 18 வெள்ளி என்பது நல்ல கூலியா, கெட்ட கூலியா? எதோடு ஒப்பிடுவது?

பலர் தம் முழுச் சம்பள விகிதத்தோடு ஒப்பிட்டு, ‘என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு இவ்வளவு’ என்று கோபப்படுகிறார்கள். ரயிலில் போகாமல் மிச்சமாகும் அந்த மணியில் யாரும் உங்களுக்குச் சம்பளம் தரப்போவதில்லை. அதற்காக அந்த நேரத்துக்கு மதிப்பே இல்லை என்று வைப்பதும் தவறு. போக்குவரத்துத் திட்டங்களைக் கணிப்பவர்கள், சொந்தப் பயண நேரத்துக்குச் சம்பள விகிதத்தில் ஏறத்தாழ பாதியை வைப்பது வழக்கம். வேறு நல்ல அளவுகோல் இல்லாதவரை நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தின் 44 மணிக் கணக்கில் வகுத்தால் மணி விகிதம் வரும். 6,500 வெள்ளிக்கு அது 34. பாதி 17. உங்கள் வீடு தரும் கூலி 17-க்கு மேல் என்றால் தொலைவான வீடு பரவாயில்லை. கீழே என்றால் அது மலிவான வீடு அல்ல. நம் கணக்கில் 18 வருகிறது. அதாவது கயிற்றின் மேல் நிற்கிறது.

ஞாயிறு தேக்கா போகும் செலவைச் சேர்த்தீர்கள். அந்த நேரத்தைச் சேர்க்கவில்லையே?

சேர்க்கத்தான் வேண்டும். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஓர் இல்லத்தரசி. அவர் கணவருக்கு அது தோன்றவில்லை. ஒரு வழிக்கு 45 நிமிடம், போக வர ஒன்றரை மணி, 50 வாரத்துக்கு 75 மணி. ஒருவர் நேரத்தை மட்டும் எண்ணினாலே மொத்தம் 343 மணி ஆகிறது. 4,800-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 14 வெள்ளி. முந்தைய பதிலில் கயிற்றின் மேல் நின்றது இப்போது ஃபேரர் பார்க் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதை வைத்து வீட்டுக்காரரிடம் பேசவும் முடியும். உட்லண்ட்ஸ் வாடகை 2,500-க்கு இறங்கினால் கையில் நிற்பது 6,000, மணிக்கு 17.50. அப்போது எடுக்கலாம். ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று இழுப்பதை விட, நூறு வெள்ளி குறைந்தால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்று சொல்வது உங்களுக்கும் முகவருக்கும் எளிது.

ஒரே நாளில் ஆறு வீடு பார்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கணக்குப் போட முடியுமா?

வேண்டாம். ஒரு வழிக்கு 10 நிமிடம் கூடினால் ஆண்டுக்கு 77 மணி கூடுகிறது. அதை உங்கள் மணி மதிப்பால் பெருக்கி 12-ஆல் வகுங்கள். 17 வெள்ளிக்காரருக்கு அது மாதம் ஏறத்தாழ 110 வெள்ளி. ஒரு வழியில் கூடும் ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் மாத வாடகை 110 வெள்ளியாவது குறைந்திருக்க வேண்டும். குறையாத வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மீதியுள்ள இரண்டு, மூன்று வீடுகளுக்கு முழுக் கணக்குப் போடுங்கள்.

அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான், எண் மட்டும் மாறும். மாதம் 3,400 வாங்குபவரின் மணி மதிப்பு 9 வெள்ளியை ஒட்டி வரும். அவருக்குப் 10 நிமிடம் என்பது 58 வெள்ளி. லிட்டில் இந்தியாவுக்குப் பதில் பூன் லேயில் அறை எடுத்தால் 200 வெள்ளி குறைகிறது, ஆனால் ஒரு வழிக்கு 30 நிமிடம் கூடுகிறது என்றால், 174-ஐக் கழித்து 26 வெள்ளி நிற்கிறது. கூடுதல் ரயில் கட்டணம் அதையும் எடுத்துக்கொள்ளும். அவர் வேலை செய்யும் இடம் ஜூரோங் என்றால் கதையே வேறு. வாடகையும் குறைந்து நேரமும் குறையும் இடங்கள் இந்த ஊரில் உண்டு. வேலை நகரில்தான் என்று எண்ணிக்கொண்டு எல்லோரும் தேக்காவைச் சுற்றியே தேடுவது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்போது?

கணக்கு உட்லண்ட்ஸுக்குச் சாதகமாகத் திரும்பும். அலுவலகம் போகும் நாள் 138 ஆகிறது. கூடுதல் நேரம் 161 மணி, ஞாயிறு 75, மொத்தம் 236. கூடுதல் ரயில் கட்டணமும் 221-ஆகக் குறைவதால் கையில் 4,947 நிற்கிறது. மணிக்கு 21 வெள்ளி.

ஆனால் அந்த இரண்டு நாள் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் நம்பலாம். மேலாளரின் வாய்ச்சொல் என்றால், அவர் மாறிய மறுவாரம் நீங்கள் ஐந்து நாளும் ரயிலில் இருப்பீர்கள். வீட்டு ஒப்பந்தமோ அப்படியே இருக்கும். ஐந்து நாளுக்கும் கணக்குப் போட்டு, அதிலும் நஷ்டம் தாங்கக்கூடியதுதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ரயிலில் உட்கார்ந்து படிக்கலாம், தூங்கலாம். அதையும் வீண் நேரம் என்றே எண்ணவேண்டுமா?

உட்கார இடம் கிடைத்தால் எண்ண வேண்டாம், அல்லது குறைத்து எண்ணுங்கள். உட்லண்ட்ஸ், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் இரண்டாவது நிலையம். காலையில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு. 43 நிமிடம் மாறாமல் ஒரே ரயில். ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கும் 43 நிமிடமும், தொங்கிக்கொண்டு இரண்டு முறை மாறும் 43 நிமிடமும் ஒன்றல்ல. மாலையில் ஷென்டன் வேயில் ஏறும்போது இடம் உறுதியில்லை.

நான் உட்கார்ந்து போகும் நேரத்தில் கால் பங்கைக் கழித்துவிடுவேன். அதற்கு மேல் கழிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ரயிலில் பாடம் படித்துத் தேர்வு எழுதப்போகிறேன் என்று கிளம்பியவர்கள் இரண்டாம் வாரமே கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சோதனைப் பயணம் போகும்போது இடம் கிடைத்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கும் வேலை கிடைத்துவிட்டது, ஜூரோங் ஈஸ்ட்டில். யாருடைய அலுவலகத்தைப் பார்த்து வீடு எடுப்பது?

இருவர் கூடுதல் நேரத்தையும் கூட்டுங்கள், குறைவதைக் கழியுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கு வடக்கு-தெற்குப் பாதையில் நேரே போகலாம். ஃபேரர் பார்க்கிலிருந்து போவதை விட வீட்டு வாசல் கணக்கில் 10 நிமிடம் குறைவு என்று வைத்தால், மனைவிக்கு ஆண்டில் 77 மணி மிச்சம். குடும்பத்தின் கூடுதல் 343-இலிருந்து 266-ஆக இறங்கி, கூலி மணிக்கு 18-க்கு மீண்டும் ஏறுகிறது. உட்லண்ட்ஸை எடுக்கலாம் போலத் தோன்றும்.

இங்கே கணக்குக்குள் அடங்காத ஒன்று குறுக்கே நிற்கிறது: குழந்தை பராமரிப்பு நிலையம். முழுநாள் நிலையங்கள் பொதுவாகக் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை. கணவர் ஆறு மணிக்குச் சரியாக எழுந்து கிளம்பினால் 68 நிமிடம் கழித்து, 7.08-க்குத்தான் உட்லண்ட்ஸில் நிற்பார். தாமதக் கட்டணம் ஒரு பக்கம்; செருப்பைப் போட்டுக்கொண்டு பையை மாட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைசிக் குழந்தை உங்களுடையது என்பது இன்னொரு பக்கம். ஃபேரர் பார்க்கிலோ 6.33-க்கே வந்துவிடலாம். மனைவி தினமும் ஆறு மணிக்கு வெளியேற முடியும், அவரே குழந்தையை அழைத்துவருவார் என்றால் உட்லண்ட்ஸ் நடக்கும். இருவருமே உறுதி சொல்ல முடியாத வேலை என்றால், மணிக்கு 30 வெள்ளி கிடைத்தாலும் நடக்காது. இப்படிப்பட்ட நேர வரம்பை முதலில் வைத்து, அதற்குள் வரும் வீடுகளுக்கு மட்டும் வெள்ளிக் கணக்குப் போடுங்கள்.

உட்லண்ட்ஸில் வாடகை குறையவில்லை, ஆனால் அதே 3,100-க்கு நான்கறை வீடு கிடைக்கிறது. இதை எப்படிக் கணக்கில் கொள்வது?

மிச்சத்தை நீங்கள் வெள்ளியாக எடுக்காமல் ஓர் அறையாக எடுக்கிறீர்கள். அந்த அறை உங்களுக்குத் தேவைதானா என்பதே கேள்வி. ஊரிலிருந்து பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள், அல்லது ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார் என்றால், ஃபேரர் பார்க்கில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகை என்று விசாரித்து, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மிச்சமாக வைத்துக் கணக்கைத் தொடருங்கள். அறை பெட்டி அடுக்கத்தான் பயன்படும் என்றால் மிச்சம் பூஜ்யம்.

வீவக வீட்டையும் நீச்சல்குளம் உள்ள கூட்டுரிமை வீட்டையும் ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை. வீட்டின் வித்தியாசத்தையும் இடத்தின் வித்தியாசத்தையும் கலந்தால் கணக்கு எதையும் சொல்லாது.

இப்போது ஃபேரர் பார்க்கில்தான் இருக்கிறேன். ஒப்பந்தம் முடிகிறது. மிச்சத்துக்காக மாறலாமா?

புதிதாக வருபவருக்கு எந்த வீடு எடுத்தாலும் முகவர் கட்டணமும் முத்திரை வரியும் உண்டு, அதனால் மேலே அவற்றைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே குடியிருப்பவருக்கு அவை மாறினால் மட்டும் வரும் செலவு. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முகவருக்கு அரை மாத வாடகை என்று வைத்தால் 1,300. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 31,200 வெள்ளிக்கு 125. லாரி, பழைய வீட்டைச் சுத்தம் செய்வது, குளிர்சாதனக் கருவியைப் பழுதுபார்த்துக் கொடுப்பது எல்லாம் 700 வரை ஆகலாம். கூட்டினால் 2,100 சொச்சம். வைப்புத்தொகையைச் செலவாக எண்ண வேண்டாம், திரும்பி வரும். ஆனால் பழையது வருமுன் புதியது கட்ட வேண்டியிருக்கும், அதற்குக் கையில் பணம் வேண்டும்.

4,800-இல் 2,100 போனால் 2,700. 343 மணிக்கு வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி. ஓராண்டுக்காக மாறுவது வீண் அலைச்சல். மாறாமலே மிச்சம் பிடிக்க வழியுண்டு: உட்லண்ட்ஸ் வாடகையைக் காட்டி, இருக்கும் வீட்டுக்காரரிடமே புதுப்பிப்பில் நூறு, நூற்றைம்பது குறைக்கச் சொல்லுங்கள். வீடு காலியாகக் கிடந்தால் அவருக்கும் ஒரு மாத வாடகை போகும்.

ரயில் பழுதாகிற நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

வெள்ளியாகச் சேர்க்க வேண்டாம். அப்படிப்பட்ட நாட்கள் ஆண்டில் குறைவு. வந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் பாருங்கள். 2024 செப்டம்பர் இறுதியில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே கிழக்கு-மேற்குப் பாதை ஆறு நாள் தடைப்பட்டது. அந்த ஒரே பாதையை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். வேறு பாதைக்கோ நெடுந்தூர பஸ்ஸுக்கோ மாற முடிந்தவர்கள் தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்தார்கள்.

உட்லண்ட்ஸில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. அந்த வகையில் அது நல்ல இடம். ஒரே பாதையும் எல்ஆர்டி எனும் இலகு ரயிலும் மட்டுமே உள்ள பகுதியாக இருந்தால், நகருக்கு நேரே போகும் பஸ் ஏதேனும் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும் கேள்வி கேட்கும் வேலை, அதாவது சுழல்முறை, வகுப்பறை, மருத்துவமனை வேலைகளில் இருப்பவர்கள் இதற்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஜோகூரிலேயே வீடு எடுத்துவிட்டால்? வாடகை இன்னும் குறைவாமே?

முதலில் மலேசியாவில் குடியிருக்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். சிங்கப்பூர் வேலை அனுமதி அந்த உரிமையைத் தராது. மலேசியக் குடிமக்களுக்கு அந்தத் தடை இல்லை, பல்லாயிரம் பேர் தினமும் வந்துபோகிறார்கள். அவர்களுக்கு வாடகை மிச்சம் மிகப் பெரிது. ஆனால் கடற்பாலத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது நாளுக்கு நாள் மாறுவதால், சராசரி நேரத்தை வைத்துப் போடும் என் கணக்கு அங்கே செல்லாது. மோசமான நாளின் நேரத்தை வைத்துத்தான் தினமும் எழுந்திருக்க வேண்டும். ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு ரயில் 2026 முடிவுக்குள் சேவையைத் தொடங்கும் இலக்கோடு அமைக்கப்பட்டது. அதில் போகிறவர்கள் குடிநுழைவு வரிசையையும் சேர்த்துத் தங்கள் நேரத்தை அளந்துகொள்ளட்டும்.

இரண்டாண்டுக்குக் கையெழுத்திட்டால் வாடகை இன்னும் 50 குறைப்பதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

அலுவலகம் இடம் மாறும் பேச்சு எதுவும் இல்லையென்றால் போடலாம். இரண்டாண்டு ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று ஒரு விதி இருக்கும். அது இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான வாசகத்தின்படி, முதல் 12 மாதம் முடிந்த பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அதுவும் வேலை போனாலோ வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டாலோதான் வெளியேற முடியும். தஞ்சோங் பகார் அலுவலகத்தைச் சாங்கி பக்கம் மாற்றினார்கள் என்பது அதில் சேராது. உட்லண்ட்ஸிலிருந்து சாங்கிக்கு ஓராண்டு போய்வருவது எப்படியிருக்கும் என்று மூன்றாவது கேள்வியில் சொன்ன முறையிலேயே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த விதியைச் சேர்க்க வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலோ, உங்கள் நிறுவனத்தின் அலுவலகக் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது என்றாலோ, ஓராண்டுக்கே போடுங்கள். 50 வெள்ளி என்பது இரண்டாண்டுக்கு 1,200. நடுவில் முறித்தால் போகும் வைப்புத்தொகையே அதற்கு மேல்.